மண்ணீரலை எடுத்துவிட்டால் என் மகனுக்குச் சரியாகிவிடுமா, டாக்டர்?

கேள்வி:

என் மகனுக்கு 7 வயது, எடை 17 கிலோ. மூன்று வயதிலிருந்தே வயிறு உப்பலாக இருக்கும். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். போன மாதம் மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 7.8, பிளேட்லெட் 56,000, ஃபெரிட்டின் 610, ஸ்கேனில் மண்ணீரல் 17 செ.மீ. என்றார்கள். ரத்தப் புற்றுநோயோ என்று எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். 'கொழுப்பு சேர்ந்த கோஷே செல்கள் உள்ளன' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதுவும் ஒருவகைப் புற்றுநோயா? மண்ணீரலை எடுத்துவிட்டால் பிளேட்லெட் ஏறிவிடும் என்கிறார் ஒரு சர்ஜன். கொழுப்பு என்றதும் என் மாமியார் நெய், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன், அதனால் வந்ததா? 4 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று: பையனுக்கு இன்றைக்கே நெய்யும் முட்டையும் பாலும் கொடுக்கத் தொடங்குங்கள். 7 வயதில் 17 கிலோ என்பது குறைவு. ரிப்போர்ட் சுட்டும் கோஷே நோயே குழந்தையின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். அதோடு சாப்பாட்டையும் குறைத்தால் அவன் இன்னும் மெலிவான். மஜ்ஜையில் தெரிந்த கொழுப்பு தட்டிலிருந்து வந்தது அல்ல. எண்ணெயே இல்லாமல் சமைத்துப் போட்டாலும் அது ஒரு துளிகூடக் குறையாது. உங்கள் அத்தை நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார். அந்த ரிப்போர்ட்டை யார் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் வழி கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது?

நம் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். வெள்ளையணுக்களில் பல அதைவிடச் சீக்கிரம் மடியும். ஆயுள் முடிந்த அணுக்களை விழுங்கிச் செரிக்க மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் இருக்கின்றன. இவை அதிகமாக உள்ள இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. விழுங்கிய அணுவின் மேல்தோலில் சர்க்கரை கோத்த ஒருவகைக் கொழுப்பு உண்டு. மேக்ரோஃபேஜுக்குள் உள்ள லைசோசோம் என்ற சிறு பைகளில் அந்தக் கொழுப்பு படிப்படியாக உடைக்கப்படுகிறது. சர்க்கரையைக் கழற்றும் கடைசிப் படிக்கு முன்னால் மிஞ்சுவது குளுக்கோசெரிப்ரோசைடு. அதிலிருந்து குளுக்கோஸைக் கழற்றிவிடும் என்சைமின் பெயர் குளுக்கோசெரிப்ரோசிடேஸ். கோஷே நோயில் இந்த ஒரு என்சைம் மிகக் குறைவு.

அதனால் கடைசிப் படி நடக்காமல் நின்றுவிடுகிறது. தினமும் புதிதாக அணுக்கள் மடிந்துகொண்டே இருக்கும், மேக்ரோஃபேஜும் விழுங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் உள்ளே போனது வெளியேறாது. செல் பருத்து, அதன் உட்பகுதி கசக்கிய பட்டுத்துணியைப் போலச் சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 'கோஷே செல்' அதுதான். ஆக, இந்தக் கொழுப்பு பையனின் சொந்த ரத்த அணுக்களிலிருந்து வந்தது.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுபவை அல்ல, வேலை முடிக்க முடியாமல் வீங்கிப்போனவை. 1882-இல் இந்த நோயை முதலில் விவரித்த பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவரே இதை மண்ணீரலில் வரும் ஒருவகைக் கட்டி என்றுதான் நினைத்தார். என்சைம் குறைவுதான் காரணம் என்பது 1965-இல்தான் உறுதியானது. எனவே உங்களுக்கு அந்தப் பயம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இனி உங்கள் மகனின் எண்களுக்கு வருவோம். மண்ணீரலின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 0.2 சதவீதம் இருக்கும். 17 கிலோ பையனுக்கு அது சுமார் 35 கிராம். 17 செ.மீ. நீளமுள்ள மண்ணீரல் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும் என்று ஊகிக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சரியான கணக்கு கிடைக்கும். இத்தனை வீக்கமும் கொழுப்பின் எடைதானா என்றால், அதுவும் இல்லை. கூடுதலாக வளர்ந்த சதையில் அந்தக் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. கொழுப்பு நிறைந்த செல்கள் வெளியிடும் ரசாயனங்கள் மற்ற அழற்சி செல்களையும் அங்கே வரவழைக்கின்றன. அவை சேர்ந்துதான் உறுப்பு இவ்வளவு பெரிதாகிறது.

சாதாரணமாகவே நம் தட்டணுக்களில், அதாவது பிளேட்லெட்டுகளில், மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். மண்ணீரல் இப்படிப் பெருத்துவிட்டால் பத்தில் ஒன்பது பங்குகூட அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். மஜ்ஜை உற்பத்தி செய்தும் ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு முதல் காரணம் அது. சிவப்பணுக்களும் அங்கே சிக்கிச் சீக்கிரம் அழிகின்றன. பெரிய மண்ணீரல் உள்ளவர்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடுவதால் ஹீமோகுளோபின் இன்னும் நீர்த்துத் தெரியும். அப்புறம் மஜ்ஜை. அணுக்கள் உருவாக வேண்டிய இடத்தைக் கோஷே செல்கள் அடைத்துக்கொள்வதால் காலப்போக்கில் உற்பத்தியும் குறையும். ஆரம்ப வருடங்களில் மண்ணீரலின் பங்கு அதிகம், போகப்போக மஜ்ஜையின் பங்கு ஏறும். சர்ஜன் சொன்னதை எடைபோட இந்த வரிசை நினைவில் இருக்கட்டும்.

இரும்பு டானிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபெரிட்டின் 610 என்பது இரும்பு இல்லாத குழந்தைக்கு வரும் எண் அல்ல. உடலில் இரும்பு வழிந்து கிடக்கிறது என்றும் அதற்கு அர்த்தம் இல்லை. இந்த நோயில் மேக்ரோஃபேஜ்கள் தூண்டப்பட்ட நிலையில் இருப்பதால் ஃபெரிட்டின் உயர்ந்தே காணப்படும். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற பரிசோதனை செய்து, அது உண்மையாகவே குறைவாக இருந்தால் மட்டும் இரும்பு கொடுக்கலாம். மூக்கில் அடிக்கடி ரத்தம் போகும் பையன் என்பதால் அப்படிக் குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பார்க்காமல் கொடுக்க வேண்டாம். வயிறு உப்பி, வெளுத்துப்போன குழந்தைக்குப் பூச்சி மருந்தும் டானிக்கும் எழுதிக்கொடுப்பது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்திருந்தால் நான்கு வருடம் மிச்சமாகியிருக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மண்ணீரலை எடுக்கலாமா?

சர்ஜன் சொன்னதில் பாதி உண்மை. எடுத்தால் சில வாரங்களில் தட்டணு ஏறும், ஹீமோகுளோபினும் கொஞ்சம் ஏறும். என்சைம் மருந்து வருவதற்கு முன்பு உலகம் முழுவதும் அதைத்தான் செய்துவந்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது.

மண்ணீரல் போனாலும் என்சைம் குறைவு அப்படியே இருக்கிறது. மடிந்த அணுக்களை விழுங்கும் வேலை மிச்சமுள்ள இடங்களான கல்லீரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போகிறது. மஜ்ஜையில் நெரிசல் கூடினால் எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடும். இடுப்பு மூட்டின் பந்துப் பகுதி ரத்தமில்லாமல் இறந்துபோவதும், காய்ச்சலோடு எலும்பில் தாங்கமுடியாத வலி வருவதும் மண்ணீரல் எடுத்தவர்களிடம் அதிகம். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும் ஆபத்தும் அவர்களுக்குக் கூடுதல். கொஞ்ச வருடம் கழித்து மஜ்ஜை நிரம்பி மறுபடி தட்டணு இறங்கினால், அப்போது எடுப்பதற்கு மண்ணீரலும் இருக்காது. நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகளால் திடீரென்று ஏற்படும் கடும் தொற்றுக்கும் வாழ்நாள் முழுவதும் பயப்பட வேண்டியிருக்கும்.

என் கருத்தை நேராகச் சொல்வதென்றால், இப்போதைக்கு வேண்டாம். மண்ணீரல் கிழிந்துபோவது, வேறு எந்த வழியிலும் நிறுத்தமுடியாத உயிராபத்தான ரத்தக்கசிவு என்பவை போன்ற நிலைகளில் மட்டுமே அந்தப் பேச்சு வரவேண்டும். திட்டமிட்டு எடுப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். இதை அந்த மருத்துவரிடமே மரியாதையாகக் கேளுங்கள்: "டாக்டர், கோஷே நோய் உறுதியானால் முதலில் என்சைம் சிகிச்சை என்று சொல்கிறார்களே, அதற்கு முன்னால் ஆபரேஷன் அவசியமா?" நல்ல சர்ஜன் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருந்து தொடங்கும்வரை பெரிதான மண்ணீரலுக்கு அடி படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அது விலா எலும்புக்குக் கீழே மறைவில்லாமல் இறங்கியிருக்கிறது. கபடி, மரம் ஏறுவது, சைக்கிள் பந்தயம் வேண்டாம். நடக்கலாம், நிழலில் ஓடி விளையாடலாம், பள்ளிக்கூடம் போகலாம். திடீரென்று இடது பக்கம் வயிறோ இடது தோளோ வலித்து, முகம் வெளிறி வியர்த்தால் அரைமணி நேரம்கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது. பல் பிடுங்குவதாக இருந்தால் முன்கூட்டியே ரத்தவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் தட்டணுக்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, சிலருக்கு அவற்றின் செயலும் சரியாக இருக்காது. எண்ணைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ரத்தம் போகும்.

இன்னும் உறுதியாகவில்லை

கோஷே செல் தெரிந்ததால் மட்டும் கோஷே நோய் உறுதியாகிவிடாது. இதைப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவிலும் தலசீமியாவிலும் அச்சு அசலாக இதேபோன்ற செல்கள் வரும். அங்கே என்சைம் சரியாகத்தான் இருக்கும், அணுக்கள் மடியும் வேகம் மிக அதிகமாக இருப்பதால் மேக்ரோஃபேஜால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நீமன்-பிக் என்ற வேறொரு கொழுப்புச் சேமிப்பு நோயிலும் மண்ணீரல் இப்படியே பெருக்கும், மஜ்ஜையிலும் நுரைத்த செல்கள் இருக்கும்.

தீர்ப்பு சொல்வது ரத்தத்தில் செய்யும் என்சைம் பரிசோதனை. வெள்ளையணுக்களில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பார்கள். வடிகட்டித் தாளில் உலர்த்திய ரத்தப் பொட்டிலும் செய்யலாம், ஆனால் அது முதல்கட்டச் சலிப்புக்குத்தான். அதில் குறைவு என்று வந்தால் வெள்ளையணுவில் உறுதி செய்ய வேண்டும். நோய் உள்ளவர்களிடம் இந்த அளவு பெரும்பாலும் இயல்பில் 15 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். ஒரே மாதிரியில் நீமன்-பிக் நோய்க்கான என்சைமையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுத்த டியூப் வெயிலில் ஒருநாள் கிடந்தால் என்சைம் செத்துப்போய், இல்லாத குறைவு இருப்பதுபோலத் தெரியும். அதனால் மாதிரி எப்படி, எத்தனை மணி நேரத்தில் லேபுக்குப் போகிறது என்று கேளுங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்தது GBA1 மரபணுப் பரிசோதனை. இதற்கு ஏறக்குறைய அதேபோன்ற, வேலை செய்யாத போலி மரபணு ஒன்று பக்கத்திலேயே இருப்பதால், இந்த நோயில் பழக்கமுள்ள ஆய்வுக்கூடத்தில் செய்வது நல்லது.

மரபணுப் பரிசோதனை ஏன் முக்கியம்? கோஷே நோயில் மூன்று வகை உண்டு. முதல் வகை மூளையைப் பாதிக்காது. இரண்டாவது பச்சிளம் பருவத்திலேயே கடுமையாக வருவது, 7 வயதுப் பையனுக்கு அது இல்லை. மூன்றாவது வகை மெதுவாக நரம்பு மண்டலத்தையும் தொடும். L444P என்ற மரபணு மாற்றம் இந்திய நோயாளிகளிடம் அதிகம். அது இரண்டு பிரதிகளிலும் இருந்தால் மூன்றாம் வகைக்கான வாய்ப்பு கூடுகிறது. என்சைம் அளவை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

நீங்கள் வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பையன் உங்களுக்கு நேராக உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து அவன் பெயரைக் கூப்பிடுங்கள். சாதாரணக் குழந்தையின் கண் சட்டென்று அந்தப் பக்கம் பாயும், தலை பின்னால் திரும்பும். கண்ணைத் திருப்பச் சிரமப்பட்டு, தலையை வெடுக்கென்று ஆட்டியோ கண்ணைச் சிமிட்டியோ பார்த்தால் அது மூன்றாம் வகையின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். கைப்பேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

மருந்தும் பணமும்

உறுதியானால் சிகிச்சை, இல்லாத என்சைமை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. 1991-இல் வந்த முதல் மருந்தை மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1994-இல் வந்த இமிகுளூசரேஸ் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் தயாராகிறது. இந்த என்சைமோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் முனையில் மேனோஸ் வெளியே தெரியும்படி செய்திருக்கிறார்கள். மேக்ரோஃபேஜின் மேல் மேனோஸைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் இருப்பதால் மருந்து வேண்டிய செல்லுக்கே போய்ச் சேர்கிறது.

குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 60 யூனிட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் பையனுக்கு ஒருமுறைக்கு 1,020 யூனிட், அதாவது 400 யூனிட் குப்பியில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். ஏற்ற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். தவறாமல் நடந்தால் முதல் வருடத்தில் மண்ணீரல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை சுருங்கும், தட்டணு ஒன்றரை, இரண்டு மடங்காகும். ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு வருடங்களில் 11-ஐத் தொடலாம். எலும்பு இதைவிட மெதுவாகத்தான் தேறும். ஏற்கெனவே இறந்துபோன எலும்பு திரும்பாது, சீக்கிரம் தொடங்கச் சொல்வது அதற்காகத்தான். தொடங்கும் முன் தொடை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவைத்தால் பிற்பாடு ஒப்பிட உதவும். இந்த மருந்து மூளைக்குள் போகாது. மூன்றாம் வகையானாலும் வயிறும் ரத்தமும் தேறும், நரம்புப் பாதிப்பு தேறாது. வாய்வழி கொடுக்கும் எலிகுளூஸ்டாட் முக்கியமாகப் பெரியவர்களுக்கானது, உங்கள் மகனுக்கு இப்போது அது வழியல்ல. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை சிலருக்குச் செய்யப்படுகிறது. உயிராபத்து உள்ள முடிவு என்பதால் எல்லாவற்றையும் பார்த்த பிறகே பேச வேண்டும்.

பணம்தான் பெரிய தடை, மறைப்பதற்கில்லை. இது வாழ்நாள் மருந்து. பையன் வளர வளர அளவும் கூடும். மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கையில் கோஷே நோயின் முதல் வகையும், நரம்புப் பாதிப்பு அதிகமில்லாத மூன்றாம் வகையும் உதவிக்குரிய பட்டியலில் உள்ளன. அங்கீகரிக்கப்பட்ட உயர் மையம் வழியாக 50 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையம். இந்தத் தொகை இந்த மருந்துக்கு ஓரிரு வருடத்தில் தீர்ந்துவிடக்கூடியது. எனவே அங்கே பதிவு செய்யும்போதே மருந்து நிறுவனங்களின் இலவச மருந்துத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்க முடியுமா என்று அந்த மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றில் இடம் குறைவு, காத்திருக்க நேரலாம். என்சைம் ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட், மஜ்ஜை ஸ்லைடு (ரிப்போர்ட் மட்டும் போதாது, கண்ணாடித் தகட்டையே கேட்டு வாங்குங்கள்), ஸ்கேன், எடை உயரக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மருந்து நின்றால் பழையபடி கொழுப்பு சேரத் தொடங்கும் என்பதால், தொடங்கும்போதே அடுத்த வருடத்துக்கு என்ன வழி என்று பேசிவிட வேண்டும்.

அத்தை மகன், மகள், இனி வரும் குழந்தை

இந்த நோய் வர அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான மரபணு இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு இந்த நோய் வராது, அவர் கடத்துபவர். நீங்களும் உங்கள் கணவரும் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் நோய் உண்டானது என்பது சரியல்ல. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே மரபணு இரண்டு பக்கமும் இறங்கிவரும் வாய்ப்பு அதனால் கூடும், அவ்வளவுதான். சொந்தமே இல்லாத தம்பதிக்கும் இது வருகிறது. வீட்டில் யாராவது இதை வைத்து உங்களைக் குத்திப் பேசினால், பாதி மரபணு உங்கள் கணவர் பக்கத்திலிருந்து வந்தது என்பதை நினைவூட்டலாம்.

மகளுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவள் கொழுகொழுவென்று இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். முதல் வகை பல வருடம் வெளியே தெரியாமல் இருக்கலாம். பையனின் இரண்டு மாற்றங்களும் மரபணு ரிப்போர்ட்டில் தெரிந்த பிறகு அவளுக்கு அவற்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். கடத்துபவரா இல்லையா என்பதை என்சைம் அளவு தெளிவாகக் காட்டாது, அதற்கும் மரபணுதான். அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க முடியும், ஆனால் பையனின் மரபணு முடிவு அப்போது கையில் இருக்க வேண்டும். அது வர சில வாரங்கள் ஆகும் என்பதால் அந்த மாதிரியை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.